பணிப்பெயர், படிவம், விதிமுறை: ஆண்-பெண் பொதுச்சொல் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களுக்குத் தமிழில் வேலை விளம்பரம், விண்ணப்பப் படிவம், விடுப்பு விதிகள் எழுதித் தருவது என் வேலை. பெரும்பாலும் பின்னலாடை ஆலைகள், மருத்துவமனைகள், பள்ளிகள். "எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுங்க, ஆனா படிக்கிறதுக்குச் சங்கடமா இருக்கக் கூடாது" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அப்புறம் வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, தமிழ்ல இதுக்கு அவசியமே என்ன? "ஆசிரியர்"னாலே ரெண்டு பேருக்கும் பொதுதானே?

பாதி சரி. ஆசிரியர், மருத்துவர், ஓட்டுநர், மேலாளர், அலுவலர் என்று "அர்" விகுதியில் முடியும் பணிப்பெயர்கள் அனைத்தும் இலக்கணப்படி பொதுவானவை. "ஒருவர்" என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அது பன்மை வினையோடு முடியும் என்று நன்னூலும் சொல்கிறது. அதனால் புதுச்சொல் எதையும் கண்டுபிடிக்க வேண்டிய வேலை நமக்கு இல்லை, கையில் இருப்பதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

கெடுவது இரண்டு வழியில். ஒன்று, பொதுச்சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் பெண்பால் வடிவத்தையும் வைப்பது. "தலைவர்/தலைவி" என்று எழுதிய அந்த நொடியில் தலைவர் ஆணாகிவிடுகிறார். இரண்டாவது, சொல் பொதுவாக இருக்கும், ஆனால் படிவம் கேட்கிற கேள்வி ஓர் ஆணை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதுதான் அதிகம் கண்ணில் படாது, அதற்குக் கீழே வருகிறேன்.

அப்போ ஆசிரியை, நடிகை, பாடகி இதெல்லாம் தப்பா?

தப்பில்லை. ஒருவர் தன்னை ஆசிரியை என்று சொல்லிக்கொள்ள விரும்பினால் அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் அப்படியே போடுங்கள். நான் சொல்வது பதவியின் பெயரைப் பற்றி மட்டும். பதவி என்பது நாற்காலி மாதிரி, இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து அதற்குப் பெயர் மாறக் கூடாது. நியமன ஆணை, சம்பளப் பட்டியல், அறிவிப்புப் பலகை மூன்றிலும் ஆசிரியர் என்றே இருக்கட்டும்.

கொஞ்சம் தொல்லை தரும் சொல் "மாணவர்". விடுதிப் பலகையில் மாணவர் விடுதி, மாணவியர் விடுதி என்று பிரித்துப் படித்துப் பழகியதால், "மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும்" என்று எழுதினால் பெண்களுக்கு இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் "மாணவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி" என்று எழுதினால் கேட்பார்கள். சந்தேகம் வரக்கூடிய இடத்தில் மட்டும் "மாணவ மாணவியர்" என்றோ "எல்லா மாணவர்களும்" என்றோ எழுதலாம். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள், படிப்பவர் வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவார்.

எங்க ஆர்டர்லயே வாட்ச்மேன், வயர்மேன், ஆபீஸ் பாய்னுதான் இருக்கு. தமிழ்ல என்ன பண்றது?

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டால் "மேன்" சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்த மூன்றுக்கும் நல்ல பெயர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. காவலர் அல்லது இரவுக் காவலர், கம்பியாளர், அலுவலக உதவியாளர். கம்பியாளர் என்பது ஐ.டி.ஐ. பயிற்சிப் பிரிவின் பெயராகவே பல காலமாக இருக்கிறது. சேல்ஸ்மேன், சேல்ஸ்கேர்ள் இரண்டுக்கும் விற்பனையாளர்.

நல்ல சொல் கிடைக்கவில்லை என்றால் செய்கிற வேலையைச் சொல்லி "பணியாளர்" சேருங்கள்: பேக்கிங் பணியாளர், கட்டிங் பணியாளர். பேக்கிங்குக்குத் தமிழ் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், ஆலையில் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். ரயில்வேயும் "கேங்மேன்" என்ற பெயரை விட்டுவிட்டு, தண்டவாளத்தைப் பராமரிப்பவர் என்ற பொருளில் "ட்ராக் மெயின்டெய்னர்" என்று வைத்துக்கொண்டது. வழி அதேதான், ஆளை விட்டுவிட்டு வேலையைப் பெயராக்குவது.

ஒரு எச்சரிக்கை. அரசு உத்தரவிலோ ஒப்பந்தத்திலோ உள்ள பதவிப் பெயரை நீங்களாக மாற்றிவிட்டால் சம்பள நிலை, பதவி உயர்வுப் பட்டியல் என்று வேறு இடத்தில் சிக்கல் வரும். அங்கே முதல்முறை மட்டும் "காவலர் (உத்தரவில் உள்ள பெயர்: வாட்ச்மேன்)" என்று போட்டுவிட்டு, பிறகு காவலர் என்றே தொடருங்கள்.

தோட்டக்காரர், சமையல்காரர்னு எழுதினா கொஞ்சம் ஓவர் மரியாதையா தெரியுதே சார்?

இதைக் கேட்காத மேலாளர் குறைவு. தமிழில் பொதுப்பாலும் மரியாதையும் ஒரே விகுதியில் இருக்கின்றன. அதிகாரிக்கு "அர்" இயல்பாகவே கிடைத்துவிடுகிறது, தோட்டக்காரனுக்கும் வேலைக்காரிக்கும்தான் கிடைக்காமல் போனது. அதனால்தான் ஆணா பெண்ணா என்பது தமிழ் ஆவணங்களில் பெரும்பாலும் குறைந்த சம்பள வேலைகளில் மட்டும் தெரிகிறது. உங்கள் பழைய சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், மேலாளர், கணக்காளர், மேற்பார்வையாளர் என்று வந்து கடைசி நாலு வரியில்தான் காரன், காரி, ஆயா, பையன்.

ஆகவே, ஓவராகத் தெரிவது சொல்லின் குற்றமல்ல. "காரர்" பிடிக்கவில்லையென்றால் தோட்டப் பணியாளர், சமையலர், வீட்டுப் பணியாளர் என்று எழுதலாம். செவிலியர் என்ற சொல்லையே பாருங்கள். சங்கப் பாடல்களில் செவிலி என்றால் தலைவியை வளர்த்த தாய், முழுக்கப் பெண். அதோடு "அர்" சேர்ந்து இன்று அரசுப் பணிப்பெயராகி, ஆண்களும் அந்தப் பெயரில் வேலை பார்க்கிறார்கள், யாருக்கும் உறுத்தவில்லை.

"பெண் ஓட்டுநர்", "ஆண் செவிலியர்"னு போடலாமா?

அந்தத் தகவல் வேலைக்குத் தேவைப்பட்டால் போடுங்கள். மகளிர் விடுதிக்குப் பெண் காவலர் வேண்டும் என்பது நியாயமான தேவை. அலுவலகப் பட்டியலில் ஒன்பது பேருக்கு ஓட்டுநர் என்று போட்டுவிட்டுப் பத்தாமவருக்கு மட்டும் பெண் ஓட்டுநர் என்று போடுவது தேவை இல்லை. மற்ற ஒன்பது பேருக்கும் "ஆண் ஓட்டுநர்" என்று எழுதுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது.

நாங்க "ஓட்டுநர் தேவை"ன்னு பொதுவாத்தான் விளம்பரம் போட்டோம். ஒரு பொண்ணு கூட விண்ணப்பிக்கலையே?

பொதுச்சொல் யாரையும் விலக்காது, ஆனால் அதுவாக யாரையும் கூப்பிடவும் செய்யாது. படிப்பவர் மனதில் ஓட்டுநர் என்றால் ஆண் என்று இருந்தால் விகுதியால் அதை மாற்ற முடியாது. அதற்கு ஒரு வாக்கியம் வேண்டும்: "ஆண், பெண், திருநர் எவரும் விண்ணப்பிக்கலாம்." இதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள், கடைசியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் விளம்பரத்தின் மீதி வரிகளையும் பாருங்கள். நான் பார்த்த ஒரு விளம்பரத்தில் மேலே "டெலிவரி பணியாளர் தேவை", கீழே "துடிப்பான இளைஞர்கள் அணுகவும், தங்குமிடம் உண்டு" என்று இருந்தது. இளைஞர் என்பதும் இலக்கணப்படி பொதுச்சொல்தான், ஆனால் அதற்கு இளம்பெண் என்ற ஜோடி இருப்பதால் பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே தோன்றும். தங்குமிடம் யாருக்கு என்றும் தெரியவில்லை. "18 முதல் 35 வயதுவரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தங்குமிடம் உண்டு" என்று மாற்றிக் கொடுத்தேன். நிஜமாகவே தனித் தங்குமிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன், இல்லாததை எழுதக் கூடாது.

விதிமுறையில அவன்/அவள்னு சாய்கோடு போட்டா பிரச்சினை முடிஞ்சுதே?

முடியாது, படிக்கிறவருக்குத் தடங்கல்தான் கூடும். பெரும்பாலும் இந்தச் சாய்கோடு ஆங்கில மூலத்திலிருந்து வருகிறது. ஆங்கில வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் கட்டாயம் வேண்டும், தமிழுக்கு வேண்டாம். ஒரு ஆலையின் விதியிலிருந்து:

"ஒரு ஊழியன்/ஊழியை பணிக்கு வராத பட்சத்தில் அவன்/அவள் தனது மேற்பார்வையாளனுக்கு/மேற்பார்வையாளினிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவன்/கடமைப்பட்டவள் ஆவான்/ஆவாள்."

இதை ஆறு பேர் உட்கார்ந்து சரிபார்த்தார்களாம். நான் திருத்தியது: "வேலைக்கு வர முடியாத நாளில் காலை 8 மணிக்குள் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும்." ஊழியர் என்ற சொல்லே இல்லை, யாருக்குச் சொல்கிறோம் என்பதில் குழப்பமும் இல்லை. "வேண்டும்", "கூடாது", "லாம்" என்று முடியும் வாக்கியங்களில் வினைமுற்று பால் காட்டாது. விதிமுறை என்பதே வேண்டும், கூடாது, லாம் என்ற மூன்றும்தானே. எனவே முக்கால்வாசி வாக்கியங்கள் தாமாகவே சரியாகிவிடும். எழுவாய் தேவைப்படும் மீதி இடத்தில் "பணிபுரிவோர்", "விண்ணப்பிப்பவர்", "அவர்", "தம்" என்று எழுதினால் போதும்.

எதுக்கு வம்புன்னு எல்லா இடத்துலயும் "நபர்"னு மாத்திட்டேன். சரியா?

"சம்பந்தப்பட்ட நபர் தனது விடுப்பை..." என்று படித்தால் எனக்குக் காவல் நிலையத்து எழுத்தர் ஞாபகம்தான் வருகிறது. நபர் என்ற சொல்லை எண்ணிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள், "நான்கு நபர்கள் அமரலாம்" என்பது போல. நிறுவனத்தில் ஆளுக்கு ஒரு பங்கு இருக்கிறது: பணியாளர், விண்ணப்பதாரர், வாடிக்கையாளர், நோயாளி, பயிற்சி பெறுபவர். அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

பணியாளர்னா ஒருத்தரா, பல பேரா? மரியாதைப் பன்மையால குழப்பம் வருதே.

வரத்தான் செய்யும், "அர்" விகுதிக்கு நாம் கொடுக்கிற விலை இது. "பணியாளர்கள் மாதம் 2 நாள் அனுமதி விடுப்பு எடுக்கலாம்" என்று ஒரு பிரிவில் எழுதியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மேற்பார்வையாளர் பிரிவுக்கே மொத்தம் 2 நாள்தான் என்று சொல்லிவிட்டார்.

எண் வரும் வாக்கியங்களில் "ஒவ்வொருவரும்" அல்லது "பணியாளர் ஒருவருக்கு" என்று கட்டாயம் எழுதுங்கள். "பணியாளர் ஒருவருக்கு மாதம் 2 நாள் அனுமதி விடுப்பு உண்டு." பொதுப்பால் போகவில்லை, எண்ணிக்கையும் தெளிவு.

படிவத்துல "தந்தை/கணவர் பெயர்" கட்டத்தை எடுத்துடலாமா? எல்லா ஃபார்ம்லயும் இருக்கே.

மேலே முதல் பதிலில் இரண்டாவது வழி என்றேனே, அது இதுதான். இந்தக் கட்டத்தில் ஒரு சொல்கூட இலக்கணப்படி தவறில்லை, ஆனால் பெண் என்றால் யாராவது ஒருவருடைய மகள் அல்லது மனைவி என்று வைத்தே கேட்கிறது. தாய் மட்டும் வளர்த்தவர் என்ன எழுதுவார்? கணவரைப் பிரிந்தவர்? ஆண் விண்ணப்பதாரரிடம் மனைவி பெயர் ஏன் கேட்கவில்லை?

எடுப்பதற்கு முன் எதற்காகக் கேட்கிறோம் என்று பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தத் தகவல் எதற்கும் பயன்படாது, தாராளமாக எடுத்துவிடலாம். வேலையில் சேர்ந்தபின் பி.எஃப். கணக்குக்குத் தந்தை அல்லது துணையின் பெயர் தேவைப்படும், அதைச் சேரும் நாளில் அதற்கான படிவத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் குழப்பம் வரும் என்பார்கள். அதற்குப் பிறந்த தேதி இருக்கிறது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்காகத்தான் கேட்கிறோம் என்றால், "அவசரத் தொடர்புக்கு ஒருவர் பெயர், உறவு, கைபேசி எண்" என்று நேராகவே கேளுங்கள்.

அரசுப் படிவங்களே இளகிவிட்டன. 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதிகள் மாறியபின் பெற்றோர் அல்லது காப்பாளரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. தாய் மட்டும் உள்ளவர்கள் பான் அட்டைக்குத் தந்தை பெயர் தர வேண்டியதில்லை என்று 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது. "எல்லா ஃபார்ம்லயும் இருக்கே" என்பது இப்போது அவ்வளவு உறுதியான வாதமில்லை.

திரு, திருமதி, செல்வி மூணும் இல்லாம கடிதம் எப்படி ஆரம்பிக்கிறது?

பெயரைப் போட்டு "வணக்கம்" என்று ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான். கௌரவமாக ஒரு முன்னொட்டு வேண்டுமென்றால் "திருமிகு" இருக்கிறது, எல்லாருக்கும் பொருந்தும், அழைப்பிதழ்களில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். திருமதிக்கும் செல்விக்கும் உள்ள வித்தியாசம் கல்யாணம் மட்டுமே, ஆணுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு சொல் நம் படிவங்களில் கிடையாது. கணினியில் அந்தப் பட்டியலை எடுக்க முடியவில்லை என்றால் குறைந்தது கட்டாயம் என்ற நட்சத்திரக் குறியையாவது நீக்குங்கள்.

பாலினம் கட்டத்துல "மற்றவை"ன்னு போட்டிருக்கோம். போதுமா?

"மற்றவை" என்பது அஃறிணைப் பன்மை. மேசை, நாற்காலி, மற்றவை. இதைப் பலர் யோசிக்காமல்தான் போடுகிறார்கள், ஆனால் படிப்பவருக்கு அது சுருக்கென்று தைக்கும். "திருநர்" என்று போடுங்கள். திருநங்கை, திருநம்பி இருவருக்கும் பொதுவான சொல் அது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆண், பெண், திருநர், சொல்ல விரும்பவில்லை என்று நான்கு தெரிவு என் வழக்கம். ஒரு திருநங்கை "பெண்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது.

இங்கேயும் முந்தைய கேள்விதான், எதற்காகக் கேட்கிறீர்கள்? தங்குமிடம், சீருடை அளவு என்றால் கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் கட்டமே வேண்டாம்.

மனைவிக்கு மருத்துவக் காப்பீடு, மகப்பேறு, பாலியல் புகார் குழு... எல்லாத்தையும் பொதுவாக்கிடலாமா?

இல்லை, இங்கே நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கியிருக்கிறேன். காப்பீட்டைப் பொதுவாக்கலாம். "பணியாளர், அவர் மனைவி, குழந்தைகள்" என்பதைப் "பணியாளர், அவருடைய வாழ்க்கைத் துணை, குழந்தைகள்" என்று மாற்றுங்கள். பழைய வாக்கியத்தின்படி பெண் பணியாளரின் கணவருக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, அதனால் இது வெறும் சொல் விஷயமும் இல்லை. காப்பீட்டு ஒப்பந்தத்திலும் அப்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் "பாதிக்கப்பட்ட பெண்" என்றுதான் பேசுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு வேண்டும், அதன் தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். நான் உற்சாகத்தில் "குழுவின் தலைவராக மூத்த பணியாளர் ஒருவர் இருப்பார்" என்று அழகாகப் பொதுவாக்கிக் கொடுத்துவிட்டேன். படிக்க நன்றாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓர் ஆண் மேலாளரைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள், வெளியிலிருந்து வந்த உறுப்பினர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சட்டம் பெண் என்று சொல்லும் இடத்தில் பெண் என்றே எழுத வேண்டும். ஆண், திருநர் பணியாளர்களின் புகாருக்கும் வழி வேண்டும் என்றால், அதை நிறுவனத்தின் நடத்தை விதியில் தனிப் பிரிவாக, "பணியாளர் எவரும் புகார் தரலாம்" என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் குழைக்காதீர்கள்.

மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். 26 வாரம் வரையிலான விடுப்பு என்பது பிள்ளை பெறும் பெண்ணுக்குச் சட்டம் தரும் உரிமை, "பணியாளர்களுக்கு 26 வாரம்" என்று எழுதினால் பொய்யாகிவிடும். தந்தைக்கு நிறுவனம் விடுப்புத் தந்தால் அதைத் தனித் தலைப்பில் நாள் கணக்கோடு சொல்லுங்கள்.

பழைய ஆவணம் 80 பக்கம் இருக்கு. கம்ப்யூட்டர்ல மொத்தமா தேடி மாத்திட்டா?

வேண்டாம், தயவுசெய்து. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "மாணவி" என்பதை "மாணவர்" என்று மொத்தமாக மாற்றினால் மாணவியர் "மாணவர்யர்" ஆவார்கள். ஆசிரியையின் என்பது "ஆசிரியர்யின்" ஆகும். "தலைவி"யை மாற்றிய ஒரு பள்ளி ஆண்டு மலரில் தலைவிதி "தலைவர்தி" ஆனதை நானே பார்த்தேன். "அவள்" என்று தேடினால் அவளுக்கு, அவளது எதுவும் சிக்காது, ஏனென்றால் அங்கே "ள்" இல்லை, "ளு"வும் "ள"வும்தான் இருக்கின்றன. சிக்கிய இடத்திலும் வினைமுற்று மாறாமல் "அவர் வந்தாள்" என்று நிற்கும்.

தேடுவதற்கு மட்டும் கணினியை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுவதைக் கையால் செய்யுங்கள். நான் தேடும் துண்டுகள் இவை: காரன, காரி, மேன, பாய, அவன, அவள, மனைவி, கணவ, சாய்கோடு. "அவன", "அவள" என்று புள்ளியில்லாமல் தேடினால் உருபு ஏறியவையும் பெரும்பாலும் கிடைக்கும், இருந்தாலும் சில மென்பொருள்கள் எழுத்தை முழுதாகவே பொருத்தும், அங்கே அவன், அவள், அவனு, அவளு, அவனை, அவளை என்று ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கும். சாய்கோட்டைத் தேடினால் தேதிகளும் வரிசையில் வந்து நிற்கும், பொறுமையாகத் தாண்டிப் போங்கள்.